கோயில் சமையல் புத்தகம்: idli-யா idly-யா? dosa-வா dosai-யா?

டர்பன் தேவி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கோயில் மகளிர் குழு ஒரு சமையல் புத்தகம் போடுகிறது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் என்று பல வீடுகளிலிருந்து குறிப்புகள் வந்திருக்கின்றன. பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் புத்தகம் முழுக்க ஆங்கிலத்தில். தட்டச்சு முடித்துப் பார்த்தால் ஒரே பலகாரம் பக்கத்துக்கு ஒரு பெயரில் இருக்கிறது. ஒருவர் idli, இன்னொருவர் idly. ஒரு வீட்டில் dosa, அடுத்த வீட்டில் dosai. சாம்பாருக்கு h உண்டு, இல்லை என்று இரண்டு கட்சி. வடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது தனிச் சண்டை.

அகராதிக்காரர்கள் எதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் குழுவில் பேச்சை முடித்துவிடலாம். புரட்டாசிக்கு முன்னால் அச்சுக்குப் போக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜோபர்க் குமரன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது அக்கா? Idly தான். எங்கள் மதுரையில் எந்தக் கடைப் பலகையைப் பார்த்தாலும் y போட்டுத்தான் எழுதியிருப்பான். இட்லியை அவித்துச் சாப்பிடுகிற ஊர் எழுதுவது சரியா, லண்டனில் உட்கார்ந்து அகராதி போடுகிறவன் எழுதுவது சரியா?

மெய்ப்புத் தாத்தா

தேவி அம்மா, நான் மாரிட்ஸ்பர்க்கில் அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்த்தே காலத்தை ஓட்டியவன். இந்தச் சண்டை எனக்குப் பழக்கம்தான்.

முதலில் குமரன் தம்பிக்கு. மதுரைப் பலகை idly என்று எழுதுவதில் தவறு ஒன்றும் இல்லை. சொல்லின் கடைசியில் வரும் இகரத்துக்கு y போடுவது அந்தக் காலத்து வழக்கம். செட்டி Chetty ஆனதும், இங்கே நம் காவடி Kavady ஆனதும் அப்படித்தான். ஆனால் ஆங்கிலத்தில் idly என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. சோம்பலாக, சும்மா என்று பொருள். அதனால் என்ன தொல்லை என்றால், கணினியில் எழுத்துப் பிழை பார்க்கும் வசதி அதைப் பிடிக்கவே பிடிக்காது. Dosai என்று அடித்தால் சிவப்புக் கோடு வரும், idly என்று அடித்தால் வராது. நாற்பது பக்கத்தில் idli, பத்துப் பக்கத்தில் idly என்று கலந்து கிடந்தாலும் கணினி வாயைத் திறக்காது.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் தலைச்சொல் idli. பன்மைக்கு s போட்டு idlis என்றும் எழுதலாம், போடாமல் idli என்றே விட்டாலும் ஏற்கிறார்கள். நீங்கள் y கட்சியில் சேர்ந்தால் பன்மைக்கு idlies என்று போக வேண்டியிருக்கும். அதையும் பல உணவுப் பட்டியல்களில் பார்த்திருக்கிறேன். படிக்கிற பிள்ளை அதை எப்படி உச்சரிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தோசைக்கு dosa தான் தலைச்சொல். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஒற்றைத் தொகுதி அகராதியில் பன்மை இடத்தில் இரண்டு வடிவம் கொடுத்திருக்கிறார்கள்: dosas, dosai. அதாவது ஒன்று சாப்பிட்டால் dosa, இரண்டு சாப்பிட்டால் dosai! தமிழ்நாட்டில் ஒற்றைத் தோசைக்குச் சொல்கிற பெயர் இவர்கள் கணக்கில் பன்மையாகிவிட்டது. எப்படி வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஆங்கில எழுத்தில் இரண்டு வடிவமும் புழங்கியிருக்கும். அகராதிக்காரர் இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு வேலை கொடுத்திருப்பார். ஆனாலும் அதே பதிவில் இந்தச் சொல் தமிழ் tōcai என்பதிலிருந்து வந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

அகராதி என்பது தீர்ப்புச் சொல்கிற நீதிமன்றம் இல்லை, குமரா. ஆங்கிலத்துக்குச் சட்டம் போடுகிற மன்றம் எதுவும் கிடையாது. அச்சில் எது அதிகம் வருகிறது என்று மேற்கோள்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதிகம் வருவதைத் தலைச்சொல்லாக வைக்கிறார்கள், மற்றவற்றை உள்ளே போடுகிறார்கள். எழுதுகிறவர்கள் மாறினால் அடுத்த பதிப்பில் அவர்களும் மாறுவார்கள்.

பினாங்கு மருமகன்

நான் இப்போது டர்பனில் இருந்தாலும் மனைவி ஊர் பினாங்கு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் thosai என்றுதான் எழுதுகிறார்கள். தமிழ் இலக்கணப்படி அதுதான் சரி. எழுத்து த, அதற்கு th. D போட்டால் அது ட ஆகிவிடும், டோசை என்று வாசிப்பார்கள். Dosa என்பது இந்திக்காரர்கள் கெடுத்த வடிவம்.

மெய்ப்புத் தாத்தா

மருமகன் சொல்வதில் பாதி சரி. அந்த நாடுகளில் thosai நன்றாக வேரூன்றியிருக்கிறது, அங்கே புத்தகம் போட்டால் நானும் அதைத்தான் போடுவேன். இந்தியில் டகரம் போட்டு டோசா என்கிறார்கள், அதுவும் உண்மை.

ஆனால் எழுத்து வேறு, ஒலி வேறு. எழுதுவது தோசை. வாயில் வருவதோ பெரும்பாலும் dh போன்ற மெல்லொலி. 'தம்பி'யில் வருகிற த போல வல்லொலியாக யாரும் தோசையைச் சொல்லிக் கேட்டதில்லை. கன்னடத்தில் தோஸெ, மலையாளத்தில் தோச, எல்லாவற்றிலும் அந்த மெல்லொலிதான். அதனால் d என்பது இந்திக்காரன் மட்டும் கொண்டுவந்தது இல்லை. கடைசி ஐகாரம் போய் அகரம் ஆனதில்தான் மற்ற மொழிகளின் கை இருக்கிறது. உடுப்பி ஹோட்டல்காரர்கள் பம்பாய் வரை தோசையைக் கொண்டுபோனார்கள். கன்னட ஒலிப்படி dose என்று எழுதியிருந்தால் ஆங்கிலத்தில் அது மருந்து அளவு ஆகியிருக்கும்! ஆக dosa நிலைத்தது.

இங்கே நம் ஊரில் th-க்கு வேறு வேலை உண்டு. சீட்டாட்டத்தில் Thunee என்கிறோமே, அது தண்ணி என்ற சொல்தான் என்று சொல்கிறார்கள். அங்கே th வல்லொலி. அதே பிள்ளை thosai என்று படித்தால் அதே ஒலியைத்தான் போடும்.

லெனேசியா லதா

தோசை பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். ஜூன், ஜூலையில் எனக்கு மாவு பொங்குவதே இல்லை. டர்பனில் அம்மா வீட்டில் ஒரு இரவில் பானை வழிந்துவிடும். இங்கே மறுநாள் மத்தியானம் வரை அப்படியே கிடக்கிறது. அந்தப் புத்தகத்தில் இதற்கு ஏதாவது வழி போடுவீர்களா? உளுந்து மாற்ற வேண்டுமா?

டர்பன் தேவி

லதா, நாங்கள் எழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்! ஆனாலும் நல்ல கேள்வி. உளுந்தில் கோளாறு இல்லை, உங்கள் ஊர் குளிர்தான். டர்பன் கடலோரம், நீங்கள் மேட்டு நிலம், குளிர்கால இரவு உறைந்துபோகும். விளக்கை மட்டும் போட்டுவிட்டு அடுப்பைச் சூடாக்காமல் ஓவனுக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 'குளிர் ஊர்களுக்கு' என்று சேர்க்கச் சொல்கிறேன்.

தாத்தா, dosa சரி. சாம்பார்தான் குழப்புகிறது. அகராதியில் sambar என்று தேடினேன். ஒரு மான் வந்து நிற்கிறது!

மெய்ப்புத் தாத்தா

வரும், வரும். அதுதான் கடமான், காட்டில் திரியும் பெரிய மான். ஆங்கிலத்தில் அதற்கும் sambar என்றுதான் எழுத்து. Sambur என்ற வடிவமும் மானுக்கு உண்டு. நீங்கள் அடுத்த பதிவையும் பாருங்கள், ஒரே எழுத்தில் இரண்டு சொல் இருந்தால் 1, 2 என்று சிறு எண் போட்டுத் தனித்தனியாக வைத்திருப்பார்கள். சாம்பாரும் மானும் பிறப்பால் உறவு இல்லை. மான் பெயர் இந்தி வழியாகச் சென்றது, அதன் மூலம் வடமொழி śambara. சாம்பாருக்கு ஆக்ஸ்ஃபோர்டு காட்டும் வழி: தமிழ் cāmpār, அது மராத்தி வழியாக வந்தது, அதற்கு முன் வடமொழி sambhāra. தேவையான பொருள்களைச் சேர்த்து வைப்பது என்று பொருள்.

அந்த cāmpār என்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், புத்தகத்திலும் அப்படிப் போட வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ஒலியை விட்டுவிட்டு எழுத்துக்கு எழுத்து ஆங்கிலக் குறி போட்டார்கள். ச எங்கே வந்தாலும் c, ப எங்கே வந்தாலும் p, ஒலி s ஆக இருந்தாலும் b ஆக இருந்தாலும் கவலை இல்லை. அதைப் பார்த்துத் தமிழைத் திரும்ப எழுத முடியும், அதற்காகத்தான் அந்த முறை. உணவுப் பட்டியலில் tōcai போட்டால் ஒருவனும் வாங்க மாட்டான்.

இப்போது h. தமிழில் bh ஒலி கிடையாது. வடக்கே தேவநாகரியில் भ போட்டு எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தில் sambhar ஆக்கினார்கள். அந்த வடிவமும் அச்சில் நிறைய உண்டு. ராஜஸ்தானில் உப்பு எடுக்கிற ஏரிக்கும் Sambhar என்றே பெயர். ஆக h இல்லாமல் எழுதினால் மானோடு மோதுகிறது, h போட்டால் ஏரியோடு மோதுகிறது. நான் sambar என்றே போடச் சொல்வேன். நம் வாயில் h இல்லை, சமையல் புத்தகத்தில் மானைப் பற்றி யாரும் எண்ணப் போவதில்லை.

ஜோபர்க் குமரன்

மராத்தி என்றதும் ஞாபகம் வருகிறது. தஞ்சாவூர் மராட்டிய அரண்மனையில் சாம்பாஜி வந்தபோது புளி போட்டுச் சமைத்தார்களாம், அவர் பெயரில்தான் சாம்பார் என்று சொல்வார்கள். அப்படியானால் h போடுவதுதான் நியாயம். சாம்பாஜியின் பெயரை ஆங்கிலத்தில் Sambhaji என்றுதானே எழுதுகிறார்கள்?

மெய்ப்புத் தாத்தா

சொல்வார்கள், ஆமாம். நானும் திருமண வீடுகளில் கேட்டிருக்கிறேன். அது சாப்பாட்டுப் பந்திக் கதை. அகராதிக்காரர் அந்தக் கதையை எடுத்துக்கொள்ளவில்லை, sambhāra என்ற சொல்லைத்தான் காட்டுகிறார். மராத்தி உறவு இருப்பது உண்மை, அந்த உறவில்தான் கதை முளைத்திருக்கும்.

வெருலம் பையன்

ஒரு எச்சரிக்கை, ஆன்ட்டி. கோப்பில் idly எல்லாவற்றையும் idli ஆக்க 'எல்லாவற்றையும் மாற்று' அழுத்திவிடாதீர்கள். Rapidly என்ற சொல்லுக்குள் idly இருக்கிறது. Stir rapidly என்று எழுதியிருந்தால் stir rapidli ஆகிவிடும். எங்கள் வகுப்பில் ஒருவன் இதைச் செய்து காட்டியிருக்கிறான். 'முழுச் சொல் மட்டும்' என்ற தெரிவைப் போட்டுத் தேடுங்கள். வடிவத் தேடல் இருக்கிற செயலி என்றால் இப்படி:

```
\b[Ii]dly\b
```

Vada-வை vadai ஆக்கினாலும் இதே கதை. ஏற்கெனவே vadai என்று இருக்கிற இடமெல்லாம் vadaii ஆகிவிடும். முழுச் சொல் தெரிவு போட்டால் அது நடக்காது.

அப்புறம் ஒரு கேள்வி. சமோசாவுக்கு நாம் எல்லாரும் samoosa என்று எழுதுகிறோம். தாத்தா சொல்லும் ஆக்ஸ்ஃபோர்டு samosa என்கிறதே? அதையும் மாற்ற வேண்டுமா?

மெய்ப்புத் தாத்தா

கூடாது. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நம் நாட்டுக்கே ஒரு அகராதி இருக்கிறது, தென்னாப்பிரிக்க ஆங்கிலத்துக்கானது. கிரஹாம்ஸ்டவுன் என்று அன்று சொன்ன ஊரில், ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்து தொகுத்து 1996-இல் வெளியிட்டார்கள், இப்போது இணையத்திலும் இருக்கிறது. அதில் samoosa என்றும் breyani என்றும் தலைச்சொல் வைத்திருக்கிறார்கள். லண்டனில் biryani, இங்கே breyani. நம் கடைகளிலும் பத்திரிகைகளிலும் அப்படித்தான் அச்சாகிறது, அதைத்தான் அவர்கள் பதிந்தார்கள். டர்பன் படிப்பாளிக்கு samosa என்று போட்டால் வேறு நாட்டுப் பண்டம் போல இருக்கும்.

ஆகவே ஒரே அகராதியை வைத்துக்கொண்டு புத்தகம் முழுக்க மாற்றாதீர்கள். இங்கே வேரூன்றிய சொல் என்றால் இங்கத்து அகராதி. நம் அகராதியில் இல்லாத சொல் என்றால் ஆக்ஸ்ஃபோர்டு. அமெரிக்க மெரியம்-வெப்ஸ்டரைப் பார்ப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அவர்கள் இரண்டு வடிவத்துக்கு நடுவே or போட்டால் இரண்டும் ஏறக்குறைய சமம். Also போட்டாலோ, குறைவாக வழங்குவது என்று குறிப்பிட்டாலோ இரண்டாவது கொஞ்சம் பின்தங்கியது. நிறையப் பேர் அதைப் பார்க்காமல் 'இரண்டுமே அகராதியில் இருக்கிறது' என்று சண்டைக்கு வருவார்கள். நாட்டுக்கு நாடு மாறுவதற்கு அப்பளம் ஓர் உதாரணம். ஆக்ஸ்ஃபோர்டு poppadom என்கிறது, அமெரிக்கர் papadum என்கிறார். இரண்டும் பப்படத்திலிருந்து பிறந்தவைதான்.

கவுண்டர் மகள்

எழுத்து என்றதும் என் குடும்பப் பெயர் ஞாபகம் வந்தது. கவுண்டர் என்பதை Govender என்று எழுதிவிட்டார்கள். முதலி Moodley, நாயுடு Naidoo. 1860-இல் ட்ரூரோ கப்பல் வந்த காலத்தில் எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். இன்று அதை யாராவது திருத்தச் சொன்னால் நான் விடமாட்டேன், அது என் பெயர். உணவுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். என் ஆயா தன் குறிப்பில் vadai என்றுதான் எழுதினார். அதை ஏன் vada ஆக்க வேண்டும்?

மெய்ப்புத் தாத்தா

நியாயமான கேள்வி. Naidoo-வில் இருக்கிற இரண்டு o-தான் samoosa-விலும் இருக்கிறது, கவனித்தீர்களா? உகரத்துக்கு இரட்டை o போடுகிற பழைய ஆங்கிலப் பழக்கம் அது. வடமாநிலத்து ஊர்ப்பெயர்கள் பலவற்றிலும் இருந்தது, அங்கே பிறகு மாற்றினார்கள், நாம் மாற்றவில்லை.

எழுத்தர் காதில் விழுந்ததற்கு மிகப் பெரிய சாட்சி mulligatawny. நம் மிளகுத்தண்ணீர்தான். 1784-லேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. எவ்வளவு சீக்கிரம் அச்சேறியதோ அவ்வளவு கோணலாகவே உறைந்துபோனது. அதையும் யாரும் திருத்தவில்லை. திருத்தினால் அந்தச் சூப்பைத் தேடுகிறவனுக்குக் கிடைக்காது. இட்லி, தோசை மிகவும் பிந்தி அச்சேறியவை. அதனால்தான் ஒலிக்கு இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன.

வடைக்கு வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு 2017-இல் இந்தியச் சொற்கள் எழுபது சேர்த்தபோது vada-வையும் சேர்த்தது. அந்தப் பட்டியலிலேயே மூத்தவரைக் கூப்பிடும் நம் அண்ணாவும் இருந்தார்! Vada என்பதுதான் அகராதி ஏற்ற வடிவம். இந்தி, மராத்தி, தெலுங்கு, மலையாளம் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் தமிழ் ஐகாரம் எண்ணிக்கையில் தோற்கத்தான் செய்யும். ஆனாலும் உங்கள் புத்தகம் டர்பனில், தமிழ்க் கோயிலில், ஆயாக்களின் கையெழுத்திலிருந்து வருகிறது. நான் மெய்ப்புப் பார்த்தால் idli, dosa, sambar மூன்றையும் அகராதிப்படி விட்டுவிட்டு, வடையை மட்டும் vadai என்று நிறுத்தி, பின் அட்டவணையில் vada என்று தேடுகிறவரை அங்கே திருப்பிவிடுவேன்.

ஜோபர்க் குமரன்

அது எப்படி தாத்தா? தோசைக்கு அகராதி, வடைக்கு ஆயா என்றால் ஒழுங்கு எங்கே? இரண்டுக்குமே கடைசியில் ஐகாரம்தான். ஒன்று dosa, vada. இல்லை dosai, vadai. பிள்ளை படித்தால் 'ஏன் இது இப்படி, அது அப்படி' என்று கேட்காதா?

மெய்ப்புத் தாத்தா

கேட்கும். எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது. ஒழுங்கு வேண்டும் என்றால் நீ சொல்கிற இரண்டாவது ஜோடிதான் என் கைக்குப் பிடித்தது. அதோடு, ஆங்கிலம் படிக்கிற பிள்ளை dosai என்று பார்த்தால் கடைசியில் ஐ போட்டுத்தான் வாசிக்கும், dosa என்றால் அப்படி வராது. ஒலிக்கு அதுதான் கிட்டம். ஆனால் கடையில் போய் அந்தப் பிள்ளை பார்க்கப்போவது dosa. அதை எப்படிச் சமாளிப்பது என்று குழுதான் முடிவு செய்ய வேண்டும்.

பினாங்கு மருமகன்

Thosai என்றால் ஐகாரமும் கிடைக்கும், சண்டையும் முடியும். சும்மா சொல்லி வைக்கிறேன்.

டர்பன் தேவி

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி குழுவில் வாசித்துக் காட்டினேன். Idli முடிவாகிவிட்டது, யாரும் வாயைத் திறக்கவில்லை. Sambar-க்கும் h எடுத்தாயிற்று, ஓர் அக்காவுக்கு மட்டும் வருத்தம். Samoosa, breyani நம் அகராதிப்படி அப்படியே. Dosa, dosai ஓட்டுக்கு விட்டோம், சமமாக நின்றுவிட்டது. வடை ஓட்டுக்கே வரவில்லை, அதற்குள் கோயில் மணி அடித்துவிட்டது.

தம்பி சொன்னபடி முழுச் சொல் தேடிப் பார்த்தேன். Rapidly ஏழு இடத்தில் இருந்தது. ஆனால் idly தேடும்போது ஒரு குறிப்பில் உண்மையாகவே சும்மா என்ற பொருளில் idly வந்திருக்கிறது: மாவைச் சும்மா விட்டுவிடாமல் கிளறிக்கொண்டே இரு என்று. அதையும் மாற்றியிருந்தால் கேசரிக்குள் இட்லி போயிருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அழுத்துகிறேன்.

லெனேசியா லதா

ஓவனுக்குள் வைத்தேன், காலையில் பொங்கியிருந்தது. அதை நீங்கள் எந்த எழுத்தில் போட்டாலும் எனக்குச் சரி.